ஒரு வயர் கூடையின் விலை: ஜூலை மாதக் குறிப்புகள்

6 ஜூலை 2025, ஞாயிறு

காலையில் ஒருவர் போன் செய்து நடுத்தர அளவு காய்கறிக் கூடை என்ன விலை என்று கேட்டார். 450 ரூபாய் என்றேன். "அது எப்படிங்க கணக்கு வருது?" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானோ பத்து நிமிடம் பேசினேன். வயர் விலை ஏறியது, விரல் வலி, கடையில் தொங்கும் மெஷின் கூடை என்று எங்கெங்கோ போய்விட்டேன். அவர் கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை.

போனை வைத்த பிறகு யோசித்தேன். 450 என்பது நான் கணக்குப் போட்டு வைத்த விலையே இல்லை. நான் பின்ன ஆரம்பித்தபோது பக்கத்துத் தெரு அக்கா அந்த விலைக்கு விற்றார். நானும் அதையே சொன்னேன். விலை எப்படி வந்தது என்று எனக்கே தெரியாததால்தான் இவ்வளவு பேச்சு வந்தது.

முதலில் கணக்கைப் போடுவது, அப்புறம் அதை ஒரு நிமிட ஷார்ட் வீடியோவாக எடுத்து வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். யார் கேட்டாலும் அதையே அனுப்பலாம்.

8 ஜூலை, செவ்வாய்

பொருள் செலவில் ஆரம்பித்தேன். இந்தக் கூடைக்கு மூன்று ரோல் வயர் எடுப்பேன், ரோல் 60 ரூபாய். இதுவரை "மூணு ரோல், 180" என்றுதான் மனதில் வைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு கூடை முடியும்போதும் கொஞ்சம் வயர் மிஞ்சும். அது அடுத்த கூடையின் கைப்பிடிக்கோ சின்னப் பைக்கோ போய்விடும். அந்த வயருக்கு இவரிடமும் காசு வாங்கி அடுத்தவரிடமும் வாங்கினால் சரியில்லை.

சமையலறைத் தராசை எடுத்து வைத்தேன். பின்னுவதற்கு முன் மூன்று ரோலும் சேர்ந்து 600 கிராம். முடித்த பிறகு, இனியும் பயன்படும் நீளத்தில் மிஞ்சியது 90 கிராம். நுனி வெட்டியதில் விழுந்த துண்டுகள் 30 கிராம் இருந்தன. அவை விரல் நீளம்கூட இல்லை, எதற்கும் ஆகாது. அதனால் அந்த 30 கிராம் இந்தக் கூடையின் செலவுதான். ஆக 510 கிராம். கிராம் 30 காசு வீதம் 153 ரூபாய். அடியில் வைக்கும் நான்கு புஷ் 12, கைப்பிடிக்குள் போகும் டியூப் 10. மொத்தம் 175.

தராசு முள் நிற்கும் இடத்தை மகள் போனில் பக்கத்தில் வைத்து எடுத்தாள். வயர் ரோல், எண், மிஞ்சிய துண்டு, மறுபடி எண். பேசாமலே புரிகிறது.

13 ஜூலை, ஞாயிறு

நேரக் கணக்குத்தான் எனக்கு வருஷக்கணக்காகப் பிடிபடாதது. "ரெண்டு நாள் ஆகும்" என்று சொல்வேன். அந்த இரண்டு நாளில் சமையல், துணி, தூக்கம் எல்லாம் இருக்கிறது. கூடை எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் எவ்வளவு என்று பார்த்ததே இல்லை.

கையில் இருந்த ஐந்து கூடைக்கும் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பின்னினேன். எழுந்தால் நிறுத்துவேன், உட்கார்ந்தால் மறுபடி ஓட விடுவேன். வயரை அளந்து வெட்டுவது, அடி போடுவது, சுவர் ஏற்றுவது, மேல் விளிம்பு மடக்குவது, நுனிகளை உள்ளே சொருகுவது, கைப்பிடி என்று எல்லாம் சேர்ந்தது அந்த நேரம். 4 மணி 40 நிமிடம், 5 மணி, 5.15, 5.45 என்று நான்கு வந்தன. ஐந்தாவது கூடைக்கு 6 மணி 5 நிமிடம்.

அந்த ஐந்தாவதில் அடியில் ஒரு முடிச்சைக் குறைத்து எண்ணிவிட்டேன். சுவர் மூன்று வரிசை ஏறியதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் தெரிந்தது. பிரித்த வயரில் முடிச்சு மடிப்பு அப்படியே நிற்கும். எவ்வளவு நீவினாலும் போகாது. அதை மறுபடி போட்டால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று இருக்கும். புது வயர் வெட்டிப் போட்டேன். இந்தத் தவறின் நேரத்தை வாங்குபவர் கூலியில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மீதி நான்கின் சராசரியை எடுத்தேன்: 5 மணி 10 நிமிடம்.

அப்புறம் பின்னாத நேரமும் இருக்கிறது. வயர் வாங்க மாதம் ஒருமுறை திருப்பூர் போய்வர மூன்று மணி நேரம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் பஸ் காசு கணக்கில் வராது, நேரம் வரும். மாதம் பத்துக் கூடை என்றால் ஒன்றுக்கு 18 நிமிடம். போட்டோ எடுப்பது, போனில் பேசுவது, பேக்கிங் எல்லாம் கூடைக்கு 22 நிமிடம். ஆக 5 மணி 50 நிமிடம்.

16 ஜூலை, புதன்

மணிக்கு எவ்வளவு போடுவது? இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான அளவுகோல் நான் வாங்கிய கூலி. பனியன் கம்பெனியில் கடைசியாக எட்டு மணி ஷிப்டுக்கு 480 வாங்கினேன். மணிக்கு 60. இன்று மறுபடி அங்கே போனாலும் அதற்குக் குறையாது. அதே வீதத்தில் 5 மணி 50 நிமிடத்துக்கு 350 ரூபாய்.

பொருள் 175, கூலி 350. கத்தரிக்கோல், போன் ரீசார்ஜ், அந்த ஐந்தாவது கூடை போல வீணாகும் வயர் இதற்கெல்லாம் கூடைக்கு 15. மொத்தம் 540.

இப்போது பழைய விலையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 450-ல் 190 செலவு போனால் மிச்சம் 260. அதை 5 மணி 50 நிமிடத்துக்கு வகுத்தால் மணிக்கு 45 ரூபாய்கூட இல்லை. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு இந்த வருஷக் கூலி நாளுக்கு 336. எட்டு மணிக்கு வகுத்தால் 42. கிட்டத்தட்ட அங்கேதான் நின்றிருக்கிறேன், அதுவும் லாபம் என்று ஒரு பைசா இல்லாமல். நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. கல்யாணம் இல்லாத மாதம். தாம்பூலத்துக்குக் கொடுக்கும் குட்டிக் கூடை ஆர்டர் நின்றுவிடும். லாபம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல நாள் இல்லை.

பக்கத்துத் தெரு அக்கா வந்திருந்தார். கணக்கைக் காட்டினேன். "எல்லாஞ் சரி அம்மிணி, லாபம்னு வாய்விட்டுச் சொன்னா யாரு வாங்குவாங்க? கூலியோட சேர்த்துச் சொல்லிப் போடு" என்றார். அக்கா சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. கூலி நான் உழைத்த நேரத்துக்கு, அது வீட்டுக்குப் போகிறது. லாபம் அடுத்த கூடைக்குப் போகிறது. வயர் ஒவ்வொரு லாட்டிலும் நிறம் லேசாக மாறும். ஒரே பச்சை என்று நினைத்து வாங்கினால் பாதிக் கூடை ஒரு பச்சை, மீதி வேறு பச்சையாக நிற்கும். ஆர்டர் வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. பிடித்த நிறம் வந்திருக்கும்போதே சேர்த்து வாங்கக் கையில் பணம் வேண்டும்.

540-க்கு மேல் 110 வைத்தேன். விலை 650. மாதம் பத்துக் கூடை விற்றால் 1,100. பதினெட்டு ரோல் வாங்கலாம்.

19 ஜூலை, சனி

வீடியோவுக்குப் பேச எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். ஆரம்பம் இப்படி இருந்தது: "நிறைய பேர் விலை ஜாஸ்தின்னு சொல்றீங்க. ஆனா ஒரு கூடை பின்ன எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"அம்மா, யார்கிட்டயோ சண்டைக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள்.

உண்மைதான். விலை ஜாஸ்தி என்று நினைக்காதவருக்கும் அந்த நினைப்பை நானே கொடுக்கிறேன். "ஆனா", "தெரியுமா", "வெறும்" மூன்றையும் தேடித் தேடி அடித்தேன். மெஷின் கூடையோடு ஒப்பிட்டதை எடுத்தேன். அதை வாங்குபவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் ஒட்டிய ஷாட் ஒன்று வைத்திருந்தோம். அதையும் எடுக்கச் சொன்னேன். பார்ப்பவருக்கு என்மேல் பாவம் வரும், விலை புரியாது.

மீதி இருந்ததைப் படித்தால் ஒன்றே முக்கால் நிமிடம். ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போடலாம், இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் வேண்டும் என்று நின்றேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவு:

"இந்தக் கூடை 650 ரூபாய். இதுல போயிருக்கிற வயர் 510 கிராம், 153 ரூபாய். புஷ், டியூப் சேர்த்துப் பொருள் 175. வயர் வாங்குறதுல இருந்து பேக்கிங் வரைக்கும் 5 மணி 50 நிமிஷம். மணிக்கு 60 வீதம் 350. இதரச் செலவு 15. லாபம் 110, அதுல அடுத்த மாச வயர் வாங்குவேன். கூரியர் தனி. உங்களுக்குப் பிடிச்ச நிறம் சொல்லுங்க, பின்னித் தர்றேன்."

20 ஜூலை, ஞாயிறு

காலை வெயிலில் வாசலில் எடுத்தோம். முதலில் முழுக் கூடையும் விலையும். அப்புறம் தராசு. பிறகு முடிச்சு இறுகும் இடம் ஒன்றை மட்டும் கிட்டத்தில்: வயரை வளையத்துக்குள் விட்டு இரண்டு பக்கமும் இழுக்கும்போது நான்கு மூலையும் சதுரமாக வந்து உட்காரும், அந்த ஒரு நொடி. மேலே மணி நேரம் ஓடுகிறது. ஒவ்வொரு தொகையும் சொல்லும்போது எழுத்தில் வந்து ஓரமாக நிற்கும். கடைசியில் நான்கும் சேர்ந்து 650 ஆகும். லாபம் 110 என்ற எழுத்தும் மற்றவற்றின் அதே அளவில்தான்.

லாபம் வரும் இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. மூன்று தடவை எடுத்தோம். நான்காவதில் சரியாக வந்தது. 52 நொடி.

24 ஜூலை, வியாழன்

போன மாதம் 450-க்கு வாங்கியவரிடம் இருந்து அழைப்பு. வீடியோ பார்த்தேன் என்றார். "எனக்கு இப்ப 650 முடியாதுங்க, பாதி சைஸ்ல 325-க்குக் கிடைக்குமா?" என்றார்.

குறைத்துக் கொடுப்பதைவிடச் சின்னதாகக் கொடுப்பது எனக்குப் பிடித்த வழிதான், ஆனால் விலை அப்படிப் பாதியாக வராது. வயர் பாதியாகும். விளிம்பு மடக்கும் வேலை கொஞ்சம்தான் குறையும். கைப்பிடி குறையவே குறையாது, சின்னக் கூடைக்கும் இரண்டு பிடி வேண்டும். "ஒண்ணு பின்னி நேரம் பார்த்துட்டுச் சொல்றேங்க" என்றேன். சரி என்றார், நீலமும் வெள்ளையும் கேட்டார்.

மாலையில் வயரை எடை போட்டு வைத்தேன். வெட்ட உட்காரும்போது மணி ஏழு பத்து.