உடைந்த பாலமும் பாதிப் பழமொழியும்

பெசன்ட் நகர் கடற்கரையில் இருந்து வடக்கே நடந்தால் அடையாறு கடலில் சேரும் இடத்தில் உடைந்த பாலம். மீனவர்கள் அக்கரைக்குப் போய்வர 1967இல் கட்டினார்கள். 1977இல் வெள்ளம் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. காலை ஆறு மணிக்கு நான் போய் நின்றபோது தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, கல்யாண போட்டோவா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான்.

படம் நன்றாகவே வந்தது. வலப்பக்கம் கடலில் இருந்து வெயில், நடுவில் அறுந்து நிற்கும் பாலம், எதிரே பட்டினப்பாக்கம். அதில் என்ன எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்று போட்டேன். படத்தில் ஓடுகிறவரும் இல்லை, தேடுகிறவரும் இல்லை. கடல் என்ற ஒரு சொல்லுக்காக இழுத்து வந்து கட்டியது அது. அடுத்து 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்'. தூண்கள் அப்படித்தான் நிற்கின்றன, ஆனால் கண்ணுக்குத் தெரிவதையே மறுபடி சொல்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. படத்தைக் கையால் மறைத்துவிட்டு வரியை மட்டும் படிப்பேன். படத்தில் பார்த்ததே திரும்ப வந்தால் அந்த வரி வேண்டாம்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது: 'ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ.' முழுசாகப் போட்டுப் பார்த்தேன், யாரையோ குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது. பின்பாதியை அழித்தேன்.

*ஆறு கடக்கிற வரைக்கும்*
*அண்ணன் தம்பி,*

அந்தக் காற்புள்ளியை வேண்டுமென்றே விட்டேன். பாலம் நிற்கிற இடத்தில் பழமொழியும் நிற்கட்டும், மிச்சத்தைப் படிக்கிறவர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். எழுத்தை மேலே வெறும் வானத்தில் வைத்தேன். தண்ணீரின் மேல் வைத்தால் அலை நெளிவில் தமிழ்ச் சுழிகள் தொலைந்துவிடும். ஊர், வருஷம் எல்லாம் படத்துக்குக் கீழே, தனியாக.

அக்கா மகளுக்கு அனுப்பினேன். "மாமா, மீதி எங்க? டைப் பண்ண மறந்துட்டீங்களா?" என்று பதில் வந்தது. பழமொழி தெரியாதவருக்கு அது வெறும் அரைகுறை வாக்கியம்தான். சரி, அவளுக்காக நானே மூன்று வரி எழுதினேன்.

*அக்கரைக்கு*
*ஒரு காகம் மட்டும்*
*போய்வருகிறது*

படத்தின் இடது ஓரத்தில் நிஜமாகவே ஒரு காகம் இருந்தது. அனுப்பும் முன் அதை வெட்டி எடுத்துவிட்டேன். வரியில் காகம் இருக்கும்போது படத்திலும் எதற்கு?

"காக்கா எங்க மாமா?" என்று கேட்டாள்.

"அக்கரைக்குப் போயிருக்கு" என்றேன்.