443-ஐ நான் நிறுவிப் பார்க்கவே இல்லை

எங்கள் மென்பொருளைப் பற்றி ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த புகார் இவ்வளவுதான்: திரையில் எல்லாப் பதிவுகளும் தெரிகின்றன, எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் மட்டும் கடைசியில் கொஞ்சம் காணவில்லை. அவர்களிடம் இருந்தது பில்ட் 475. அதற்கு முன்பு பயன்படுத்திய 412-இல் இந்தச் சிக்கல் இல்லை. எங்களிடம் வைத்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. 1,200 பதிவுகள் கொண்ட மாதிரித் தரவை ஏற்றி எக்ஸ்போர்ட் செய்தால், 412 1,200 வரிகளைத் தந்தது. 475 1,000 வரிகளோடு நின்றுவிட்டது.

இடையில் எந்த பில்டில் இது முதன்முதலாக நுழைந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை எனக்கு வந்தது. 412 நல்லது என்று தெரிந்துவிட்டதால், முதல் கெட்ட பில்ட் 413 முதல் 475 வரைக்குள் ஏதோ ஒன்று. மொத்தம் 63. ஒவ்வொன்றையும் புதிதாக நிறுவி, தரவை ஏற்றி, வரிகளை எண்ண ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். வரிசையாகப் போனால் இருபது மணி நேரம் தாண்டிவிடும். பைனரி சர்ச்சில் அதிகம் போனால் ஆறு முறை போதும். நடுவில் உள்ள பில்டைச் சோதித்து, கெட்டது என்றால் இடப்பக்கம், நல்லது என்றால் வலப்பக்கம் என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இதற்காக என்னிடம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருந்தது. எந்த பில்டை நிறுவ வேண்டும் என்று அது சொல்லும். கெட்டதா இல்லையா என்று நான் பதில் தட்ட வேண்டும். கேள்வியையும் தெளிவாக வைத்திருந்தேன்: "கோப்பில் 1,200-க்கும் குறைவான வரிகள் உள்ளனவா?" ஆம், இல்லை, இரண்டே பதில். முன்பு மூன்று முறை இதே ஸ்கிரிப்டைப் பயன்படுத்தி, மூன்று முறையும் சரியான பில்டைப் பிடித்திருக்கிறேன். அதனால் அன்றைக்கு அதன் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அன்று நிறுவிய பில்ட்கள் இவை: 444 கெட்டது. 428 நல்லது. 436 நல்லது. 440 நல்லது. 442 நல்லது. ஐந்தே முறை, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். ஸ்கிரிப்ட் விடையாக 443 என்று காட்டியது.

443-இல் என்ன மாறியது என்று பார்த்தோம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் எக்ஸ்போர்ட்டில் தேதி எழுதும் முறையை மாற்றியிருந்தார். எக்ஸ்போர்ட்டில் கோளாறு, எக்ஸ்போர்ட்டில் மாற்றம். பொருத்தமாகத்தான் தெரிந்தது. "அக்கா, நான் தேதியை மட்டும்தான் தொட்டேன், வரிகள் பக்கமே போகலையே" என்று அவர் சொன்னார். நான் ஸ்கிரிப்டின் விடையைக் காட்டினேன். அவருடைய மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டு 476-ஐக் கட்டினோம். அதிலும் 1,000 வரிகள்தான் வந்தன. தேதிக்கும் வரிக்கும் வேறு ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று இரண்டு நாள் தேடினோம். அவர் செய்யாத தவறுக்காக, தன் நிரலைத் தானே வரி வரியாக எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அவரே கேட்டார்: "அக்கா, 443-ஐ நீங்க நிறுவிப் பார்த்தீங்களா?"

என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 444, 428, 436, 440, 442. 443 அதில் இல்லை. அப்போதே நிறுவினேன். 1,200 வரிகள் முழுதாக வந்தன.

ஸ்கிரிப்டில் தவறு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. சரியான வடிவம் இது:

```python
lo, hi = 413, 475
while lo < hi:
    mid = (lo + hi) // 2
    if is_bad(mid):
        hi = mid
    else:
        lo = mid + 1
print(lo)
```

`hi = mid` என்று இருக்க வேண்டிய இடத்தில் நான் `hi = mid - 1` என்று எழுதியிருந்தேன். சாதாரணத் தேடலில் இப்படி எழுதிப் பழகிய கை. ஒரு பட்டியலில் 57 என்ற எண்ணைத் தேடும்போது, நடுவில் இருப்பது 57-ஐ விடப் பெரியது என்றால் அது நிச்சயம் விடை இல்லை, தாராளமாக ஒதுக்கிவிடலாம். இங்கே அப்படி இல்லை. நடுவில் உள்ள பில்ட் கெட்டது என்று தெரிந்தால், அதுவே முதல் கெட்ட பில்டாக இருக்கலாம். அதற்குப் பிறகு வந்தவற்றை ஒதுக்கலாம், அதை ஒதுக்கக் கூடாது. ஆனால் நல்லது என்று தெரிந்த பில்ட் எந்த வகையிலும் விடையாக முடியாது. அதனால்தான் ஒரு பக்கம் `mid + 1`, இன்னொரு பக்கம் வெறும் `mid`. பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கிறதே என்று இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கத் தோன்றும். கேள்வியே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை.

இதை இப்போது நான் மனதில் வைத்திருக்கும் விதம் வேறு. லூப் எந்தச் சுற்றில் இருந்தாலும் இரண்டு விஷயங்கள் உண்மையாக இருக்க வேண்டும்: `lo`-வுக்கு முந்தைய பில்ட் நல்லது என்று தெரியும், `hi` கெட்டது என்று தெரியும். தொடக்கத்தில் 412 நல்லது, 475 கெட்டது. இரண்டையும் நானே சோதித்திருக்கிறேன். 444 கெட்டது என்றதும் `hi`-யை 444-இல் வைத்தால் அந்த வாக்கு காப்பாற்றப்படுகிறது. 443-இல் வைத்தால், நான் தொட்டே பார்க்காத ஒரு பில்டைக் "கெட்டது என்று தெரியும்" என்ற இடத்தில் உட்கார வைக்கிறேன். அதன் பிறகு வந்த பதில்கள் எல்லாம் "நல்லது, நல்லது" என்று வலப்பக்கமே தள்ளிக்கொண்டு போய், கடைசியில் `lo`-வும் 443-க்கு வந்து சேர்ந்தது. இரண்டும் சந்தித்ததும் லூப் நின்றுவிட்டது. சரியான விடையை முதல் சுற்றிலேயே தொலைத்துவிட்டு, மீதி நான்கு சுற்றும் நல்ல பில்ட்களுக்குள்ளேயே தேடியிருக்கிறேன்.

அப்படியென்றால் முந்தைய மூன்று முறை எப்படிச் சரியாக வந்தது? இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. காகிதத்தில் ஏழு பில்ட்களை மட்டும் எழுதி, முதல் கெட்டது 1 என்றால், 2 என்றால் என்று ஏழு வரைக்கும் தவறான ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். 1, 3, 5, 7 என்றால் விடை சரி. 2 என்றால் 1 என்கிறது, 4 என்றால் 3, 6 என்றால் 5. முதல் கெட்ட பில்டே எப்போதாவது `mid` ஆக வந்தால்தான் அது தொலைகிறது. அப்படி வராமல், கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும்போது அதுவாக இருந்தால் தப்பிவிடுகிறது. 63 பில்ட்களிலும் இதே கதைதான்: 31 இடங்களில் தவறு, 32 இடங்களில் சரி. தவறும்போதும் ஒன்றே ஒன்றுதான் தள்ளிப் போகிறது. பக்கத்து பில்டிலும் அதே பகுதியில் ஏதாவது மாற்றம் இருந்துவிட்டால், எங்களுக்கு நடந்த மாதிரி, நம்பும்படியாகவே இருக்கும்.

`hi = mid - 1` என்று எழுதிச் சரியாக வேலை செய்யும் வடிவமும் உண்டு. அதில் லூப் `while lo <= hi` என்று போகும். அங்கே `hi`-க்குப் பொருளே வேறு: `hi`-க்கு அடுத்த பில்ட் கெட்டது என்பதுதான் வாக்கு. அதனால் ஒன்றே மிஞ்சினாலும் அதையும் சோதித்துவிட்டுத்தான் நிற்கும். அந்த வடிவத்திலிருந்து ஒரு வரியும் இந்த வடிவத்திலிருந்து ஒரு வரியும் எடுத்து நான் கலந்திருந்தேன். இரண்டில் எது வேண்டுமானாலும் எழுதலாம், `hi` என்றால் என்ன என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் போதும்.

எதிர்ப்பக்கத்தில் தவறினால் உடனே தெரிந்துவிடும். `lo = mid + 1` என்பதற்குப் பதில் `lo = mid` என்று எழுதினால், 443, 444 என்று இரண்டு மட்டும் மிஞ்சும்போது `mid` 443 ஆகும், அது நல்லது என்றால் `lo` மறுபடியும் 443. ஸ்கிரிப்ட் அதே பில்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். நடு எண்ணைக் கீழ்ப்பக்கமாக முழுமையாக்குவதும் இதனால்தான். மேல்பக்கமாக முழுமையாக்கினால் `hi = mid` அதே மாதிரி சிக்கிக்கொள்ளும்.

திருத்திய ஸ்கிரிப்டோடு மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். 444, 428, 436, 440, 442 என்று அதே வரிசை, அதே பதில்கள். அன்று நின்ற இடத்தில் இப்போது நிற்கவில்லை. `lo` 443, `hi` 444. ஆறாவதாக 443-ஐக் கேட்டது. நல்லது என்று பதில் தட்டினேன். விடை 444.

444-இல் இருந்த மாற்றம் கோப்பில் எழுதும் இடத்தில். எக்ஸ்போர்ட் வரிகளை 500, 500-ஆகச் சேர்த்து வைத்து எழுதும். முடிக்கும்போது நிரம்பாமல் மிச்சம் இருப்பதையும் எழுத ஓர் அழைப்பு இருந்தது. நிரலை ஒழுங்குபடுத்தும்போது அது விடுபட்டிருந்தது. 1,200-இல் இரண்டு 500 போக மீதி 200. கோப்பில் காணாமல் போனதும் அந்த 200-தான்.

அதன் பிறகு ஸ்கிரிப்டில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தேன். ஒன்று, நிறுவவே முடியாத பில்ட் வந்தால் "தெரியவில்லை" என்று சொல்ல மூன்றாவது பதில். அதைக் கெட்டது என்று தட்டினால் வேறொரு கோளாறைத் துரத்திக்கொண்டு போவோம், நல்லது என்று தட்டினால் விடையைத் தாண்டிப் போகலாம். இதே தேடலைத் தானாகச் செய்யும் `git bisect run` கட்டளையைப் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கென்றே வெளியேறும் எண் 125 இருக்கிறது. 0 என்றால் நல்லது, 1 முதல் 127 வரை மற்ற எண்கள் எல்லாம் கெட்டது.

இன்னொன்று, விடையை அச்சிடுவதற்கு முன் அந்த பில்ட் கெட்டது என்றும், அதற்கு முந்தையது நல்லது என்றும் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. பதிவு இல்லாவிட்டால் அதை நிறுவச் சொல்லும். எல்லைகளில் எனக்குத் தவறு நேர்ந்திருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். ஒரு பக் இடையில் சரியாகி மறுபடி வந்திருந்தால் மட்டும் இதுவும் போதாது. நல்லதிலிருந்து கெட்டதற்கு மாறும் ஏதோ ஓர் இடம் கிடைக்கும், அதுதான் முதல் இடம் என்று சொல்ல முடியாது.

477-இல் விடுபட்ட அழைப்பைத் திரும்பச் சேர்த்தோம். தேதி மாற்றத்தையும் அதே பில்டில் அப்படியே திரும்ப வைத்தோம். அதை நிறுவி 1,200 வரிகளையும் எண்ணிப் பார்த்தது அந்தப் பெண்தான்.