இரண்டாம் செமஸ்டர் முடிந்த பிறகு சொன்னேன்

ஆறாம் படிவம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி போன வெள்ளிக்கிழமை கோயிலில் என்னைத் தூணோரமாகக் கூப்பிட்டு, "அக்கா, ஒரு பையனைப் பிடிச்சிருக்கு. நானே முதல்ல சொல்லிரலாமா? பரீட்சைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள். பூசை மணி அடித்துவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். எஸ்.டி.பி.எம். எழுதப் போகும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். தமிழுக்கும் பெங்காஜியான் ஆமுக்கும் நானும் என் வகுப்புப் பையன் ஒருவனும் சேர்ந்து படித்தோம். பதினான்கு மாதம். அவனைப் பிடித்துப்போனது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்த நாள் தெரியும். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. பாடத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தவன், அன்று பயத்தைப் பற்றிப் பேசினான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லாததை இன்றும் நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் உடைந்து நிற்கும்போது நாம் சொன்னால், அவர் சொல்லும் பதில் நன்றியா ஆசையா என்று அவருக்கே தெரியாது. பரீட்சைக்கு முந்தின வாரமும் வேண்டாம். படிப்பைக் கெடுப்பது மறுப்பு மட்டும் இல்லை, பதிலுக்காகக் காத்திருப்பது அதைவிட மோசம். புத்தகம் திறந்திருக்கும், கண் போனில் இருக்கும். கடைசித் தாள் முடிந்த அன்று சொல்லலாம் என்று தள்ளிப்போடுவதும் சரிவராது. அன்றோடு எல்லோரும் வேலைக்கும் வெளியூருக்கும் போய்விடுவார்கள். வந்த பதிலோடு தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

எஸ்.டி.பி.எம்.மில் மூன்று செமஸ்டர். மூன்றின் மதிப்பெண்ணும் கடைசிக் கணக்கில் சேரும். அதனால் இரண்டாவது முடிந்து மூன்றாவது சூடு பிடிப்பதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முன் என்னை நானே ஒன்று கேட்டுக்கொண்டேன்: அவன் இல்லை என்று சொன்னால் மறுநாள் அதே வகுப்பில் போய் உட்கார முடியுமா? இரண்டு தடவை கேட்டு, முடியாது என்றே தோன்றியதால் தள்ளிவைத்தேன். மூன்றாவது தடவை, அழுவேன், ஆனால் போவேன் என்று தோன்றியது. அதன் பிறகுதான் சொன்னேன்.

எங்கே சொல்வது என்பதும் முக்கியம். நம் ஊரில் ஒரு பெண் ஒரு பையனோடு அரை மணி நேரம் நின்றால், வீட்டுக்குப் போவதற்குள் அத்தைக்குத் தெரிந்துவிடும். ராத்திரி புலனத்தில் எழுதினால் அது யாருக்கு வேண்டுமானாலும் போகும். மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து சொன்னால் முகம் தெரியாது, அவனுக்கு இறங்கிப் போகவும் வழியில்லை. அதனால் சிம்பாங்கில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையைத் தேர்ந்தெடுத்தேன். நாலு மணி, நல்ல வெளிச்சம், நாலரைக்கு அவனுடைய பஸ். பேச்சு எப்படிப் போனாலும் அதை முடித்துவைக்க பஸ் வந்துவிடும்.

'ஐ லவ் யூ' என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் அதை விளையாட்டுக்கு நூறு தடவை சொல்லியிருப்போம், அவனும் சிரித்துத் தள்ளிவிட்டுப் போகலாம். அதனால் தமிழில் சொன்னேன். "உன்னைக் காதலிக்கிறேன். ஃபிரண்டா பிடிச்சிருக்குன்னு சொல்லல. இப்பவே பதில் சொல்ல வேணாம்." 'நீயும்தானே?' என்று கேட்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அப்படிக் கேட்டால் பாவம் பார்த்தே ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

அவன் தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சீனி எப்போதோ கரைந்துவிட்டது, கரண்டி மட்டும் கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னான், "எனக்கும் உன்னைப் பிடிக்கும். ஆனா நீ சொல்ற அளவுக்கு இருக்கான்னு தெரியல."

இந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. ஆமாம், இல்லை என்ற இரண்டுக்கும் ஒத்திகை பார்த்திருந்தேன். கைக்கிளை என்றால் ஒருதலைக் காமம் என்று அந்தச் செமஸ்டர் முழுக்க மனப்பாடம் செய்தவள் நான், ஆனால் இது அதுவும் இல்லை. இரண்டு பேரிடமும் இருந்தது, அளவுதான் வேறு. 'பிடிக்கும்' என்ற சொல்லைத் தமிழில் தோசைக்கும் சொல்வோம், கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் சொல்வோம். அவன் எதைச் சொன்னான் என்று ஒன்பது நாள் யோசித்தேன். அந்த ஒன்பது நாளும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

அந்த நாள்களில் நான் செய்த பெரிய தவறு, 'சாப்பிட்டியா' என்று அனுப்பிவிட்டு, எத்தனை நிமிஷத்தில் பதில் வருகிறது என்று பார்த்ததுதான். சீக்கிரம் வந்தால் சந்தோஷம், தாமதமானால் அழுகை. அவன் "நல்லா படி" என்று எழுதியதைத் தோழியிடம் காட்டி, "இதுக்கு என்னடி அர்த்தம்?" என்று கேட்டேன். ஒரு சாதாரண வரிக்கு இன்னொருவரிடம் அர்த்தம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டால், எழுதியிருப்பதை விட்டுவிட்டு நம் ஆசையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

பிறகு பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தபோது, ராய் பாமைஸ்டரும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. ஒருதலைக் காதலில் இரண்டு பக்கமும் இருந்தவர்களிடம் அவரவர் கதையை எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். மறுத்தவர்களும் குற்ற உணர்ச்சியில் தவித்திருக்கிறார்கள். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. காதலித்தவர்களோ, தமக்கு நம்பிக்கை கொடுத்தார்கள் என்றே நினைத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் தே ஓவைக் கலக்கிய அந்தக் கை நினைவுக்கு வந்தது. அவன் மெதுவாகப் பேசியதை நான் கதவு திறந்திருப்பதாக எடுத்துக்கொண்டேன். அவன் என்னைக் காயப்படுத்தாமல் இருக்கப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

சரி, மெதுவாக வரும் மனசையும் வராத மனசையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பத்தாவது நாள் நானாக எதையும் தொடங்குவதில்லை என்று முடிவு செய்தேன். அவன் பேசினால் பேசுவேன், கேட்டால் சொல்வேன். இது அவனுக்கு வைத்த பரீட்சை இல்லை. என் கையைக் கட்டிவைத்தால்தான் அவன் கை தெரியும் என்பதற்காகச் செய்தது. மெதுவாக வருகிறவர்கள் குறைவாகவாவது தாங்களாகவே ஏதாவது செய்வார்கள்: கூப்பிடுவார்கள், அடுத்த வாரத்துக்கு ஒன்று பேசிவைப்பார்கள், நாம் சொன்னதை ஞாபகம் வைத்துத் திரும்பக் கேட்பார்கள். வராதவர்கள் அன்பாகப் பதில் மட்டும் சொல்வார்கள். நாலு வாரம் பார்த்தேன். அவன் இரண்டு தடவை கூப்பிட்டான், இரண்டுமே வரலாற்றுக் குறிப்புக்காக. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மறுபடி கேட்கவில்லை.

நட்பை வெட்டிக்கொள்ளவில்லை. ஒரே வகுப்பு, அது முடியவும் முடியாது. இருவர் மட்டும் உட்கார்ந்து படிப்பதை நிறுத்தினேன். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கோயில் மண்டபத்தில் படித்தோம். புலனத்தில் அவன் ஸ்டேட்டஸ் என் கண்ணில் படாதபடி செய்தேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பதில் எழுதுவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்துப் பேச்சுதான் மறுநாள் காலை வரை கூட வரும். "கோபமா?" என்று ஒருநாள் கேட்டான். "இல்ல, எனக்குக் கொஞ்ச நாள் வேணும்" என்றேன். பொய் சொல்லாமல் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. படிப்பு ஒரே நாளில் திரும்பவில்லை. முதலில் பழைய கேள்வித்தாள்களை மட்டும், நாளுக்கு ஒன்று, நேரம் வைத்து எழுதினேன். பாடம் படித்தால் நினைப்பு எங்கோ ஓடும். எழுதும்போது ஓட இடமில்லை.

கடைசித் தாள் அன்று அதே ஒட்டுக்கடையில் நாங்கள் நாலு பேரும் தே ஓ குடித்தோம். அவன் என் பெங்காஜியான் ஆம் குறிப்பேட்டைத் திருப்பித் தந்தான். கிழிந்திருந்த அட்டைக்குப் புதுசாகப் பழுப்புத்தாள் போட்டு, என் பெயரைத் தமிழில் எழுதியிருந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பஸ் வந்தது, அவன் ஏறினான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.