அறுபது பெட்டி எங்கே போச்சு?

காலையில் சேதராப்பட்டு குடோனில் ஸ்டாக் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அடுக்குக்கு 9 பெட்டி, 5 அடுக்கு, 12 பேலட். பெருக்கினால் 540. கையிருப்பு என்று போட்டிருந்தது 480.

அறுபது பெட்டி குறைகிறது. திருட்டு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

ஆனால் 60ஐ 12 பேலட்டுக்குப் பிரித்தால் சரியாக 5. அடுக்கும் 5. அதாவது அடுக்குக்கு ஒன்று வீதம் குறைகிறது. எந்தத் திருடன் அவ்வளவு ஒழுங்காக எடுப்பான்?

"அண்ணே, பக்கவாட்டுல எண்ணிப் பாருங்க, மூணுக்கு மூணு வருதே," என்றார் ஷீட் எழுதிய தம்பி. உண்மைதான், நாலு பக்கமும் மூன்று முகம்தான் தெரிந்தது.

ஏணி போட்டு மேலே பார்த்தேன். இரண்டிரண்டு பெட்டியாக, ஒரு ஜோடி நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில், காற்றாடி மாதிரி சுற்றி அடுக்கியிருந்தார்கள். நடுவில் கை நுழைகிற அளவு ஓட்டை, அடி வரைக்கும்.

ஒன்பதாவது பெட்டி அந்த ஓட்டைதான்!

9ஐ அடித்து 8 என்று எழுதினேன். 8 × 5 × 12 = 480.

பேலட் சுற்றி வருவதற்குள் டீ ஆறிவிட்டது. அப்புறம் இன்னொன்று வாங்கிக் குடித்தோம், காசு தம்பியுடையது.