விருந்தினர் வாரக்கணக்கில் தங்கியபோது வாடகைதாரருக்கு நான் எழுதிய கடிதம்

எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் கணவன், மனைவி இரண்டு பேர். ஒப்பந்தத்திலும் அந்த இரண்டு பெயர்கள்தான். வாடகை தேதி தவறாது, சத்தம் சச்சரவு கிடையாது. நடுவில் கணவருடைய தம்பியும் தம்பியின் நண்பர் ஒருவரும் வேலை தேடி வந்து தங்கினார்கள். சில நாளில் கிளம்பிவிடுவார்கள் என்று நாங்களும் கண்டுகொள்ளவில்லை. வாரங்கள் ஓடின. அவர்கள் கையில் தனிச் சாவி வந்தது. அவர்கள் பெயருக்கு எங்கள் முகவரியில் தபாலும் வரத் தொடங்கியது.

கூட இரண்டு பேர் புழங்குவது எனக்குப் பெரிய தொந்தரவாக இல்லை. உறுத்தியதெல்லாம் அந்தச் சாவியும் தபாலும்தான். தங்க வந்தவர் எப்போது குடியிருப்பவராக மாறுகிறார் என்ற கேள்வி வந்தால், பல இடங்களில் பார்க்கப்படுவது இவைதான்: எத்தனை நாள் இருந்தார், சாமான்களைக் கொண்டுவந்தாரா, சாவி வைத்திருக்கிறாரா, தபால் வருகிறதா, வேறு வீடு உண்டா, வாடகையில் பங்கு கொடுக்கிறாரா. குடியிருப்பவர் என்று ஆகிவிட்டால் 'கிளம்புங்கள்' என்று வாயால் சொல்லி முடிக்க முடியாது, சட்டப்படியான வழியில்தான் போக வேண்டியிருக்கும். விவரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், எழுத உட்காரும் முன் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன்.

அவர் படித்துவிட்டு முதலில் கேட்டது, "இதில் விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம்னு எங்கேயாவது இருக்கா?" என்றுதான். இல்லை. 'பெயர் குறிப்பிட்டவர்கள் மட்டுமே குடியிருக்க வேண்டும், உள்வாடகைக்கு விடக் கூடாது' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. ஆகவே 'விருந்தினர் வரம்பை மீறிவிட்டீர்கள்' என்று எழுத எனக்கு இடமில்லை. இல்லாத வரம்பை எப்படி மீறுவது? ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது நானாக ஒரு புது விதியை எழுதிக் கொடுத்தால் அது அவர்களைக் கட்டுப்படுத்தாது, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தின் தொனியை இதுதான் தீர்மானித்தது. இருக்கிற வரியைக் காட்டி ஒரு வேண்டுகோள், இல்லாத வரம்புக்கு ஒரு யோசனை என்று இரண்டையும் தனித்தனியாக வைத்தேன்.

கடிதம் திடீரென்று கதவுக்கு அடியில் வந்து விழுந்தால் யாருக்குமே முகம் சுருங்கும். அதனால் முந்தின நாள் மாலை மாடிப்படியில் கணவரைப் பார்த்தபோதே சொல்லிவிட்டேன்: "தம்பி தங்குறதைப் பத்தி எழுத்தில் ஒரு ஏற்பாடு வேணும். நாளைக்கு ஒரு கடிதம் தர்றேன், படிச்சுட்டு நிதானமா பேசலாம்." அவர் உடனே, "வேணும்னா அவனும் வாடகையில ஒரு பங்கு தந்துடுவான் சார்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் வழக்கறிஞர் எச்சரித்ததும் இதைத்தான். தங்க வந்தவர் கையிலிருந்து நேராகப் பணம் வாங்கினால், அவரையும் வாடகைதாரராக நானே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் வரலாம். "பணம் வேண்டாம், பேர் விவரம் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வரைவில் தண்ணீர்ச் செலவு, வண்டி நிறுத்தும் இடம், ராத்திரி கதவுச் சத்தம் எல்லாம் இருந்தன. ஒன்றையும் அளந்து காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அளக்க முடியாத குறை கடிதத்தில் ஏறினால் பதில் முழுக்க அந்தக் குறையைப் பற்றியே வரும், நாட்களைப் பற்றிய பேச்சு காணாமல் போகும். எல்லாவற்றையும் அடித்தேன். வந்தவர் யார், என்ன உறவு, ஏன் வேலை இல்லை என்பதையும் தொடவில்லை. அது என் வேலையும் அல்ல. ஆளைப் பற்றி எழுதும் ஒவ்வொரு சொல்லும் பாகுபாடு என்ற புகாருக்கும் இடம் கொடுக்கும். தேதியும் முகவரியும் போக, கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'மாடி வீட்டில் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத இருவர் சென்ற மாதத் தொடக்கத்திலிருந்து தங்கியிருப்பதாகத் தெரிகிறது. இது சரியில்லை என்றால் திருத்துங்கள். உங்கள் வீட்டுக்கு விருந்தினர் வருவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நீண்ட நாள் தங்குபவர்கள் விஷயத்தில் மட்டும் ஒப்பந்தத்தின் குடியிருப்போர் விதியைக் கருதி, கீழ்க்கண்டவற்றில் ஒன்றை 10 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் கிளம்பும் தேதி, அல்லது இன்ன தேதி வரை தங்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை, அல்லது ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்க விருப்பம். இதற்கிடையில் வாடகையைப் பெற்றுக்கொள்வது கூடுதல் நபர்களுக்கு ஒப்புதல் ஆகாது.'

கடைசி வரி கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை, ஏனென்றால் தெரிந்தே பேசாமல் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால் சம்மதித்ததாகப் பின்னால் வாதிட வழி உண்டு. விறைப்பைக் குறைத்தது முதல் பகுதியில் உள்ள 'திருத்துங்கள்' என்ற சொல்தான் என்று நினைக்கிறேன்.

கையில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் தயங்கினார். 'பெற்றுக்கொண்டேன், இது சம்மதம் ஆகாது' என்று நகலின் அடியில் நானே எழுதிய பிறகு தயக்கம் இல்லாமல் போட்டார். கெடு முடியும் வரை மாடிப்பக்கம் போகவில்லை, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. பூட்டை மாற்றுவது, தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது மாதிரி ஏதாவது செய்தால் நியாயம் அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

பதில் கெடுவுக்குள்ளேயே வந்தது. நண்பர் மாத இறுதியில் கிளம்புவார், தம்பியின் பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்த்தோம், ஆனால் வாடகைதாரராக அல்ல, 'அனுமதிக்கப்பட்ட குடியிருப்பாளர்' என்று. வாடகைக்குப் பொறுப்பு அண்ணனுடையதே, அண்ணன் காலி செய்யும்போது தம்பியும் காலி செய்ய வேண்டும் என்று துணை ஒப்பந்தத்தில் எழுதி அவர்கள் மூன்று பேரும் நானும் கையெழுத்திட்டோம்.

அதே தாளில் விருந்தினர் வரம்பையும் போட்டோம். பேச்சு நீண்டது இங்கேதான். தொடர்ந்து 14 இரவுகள் என்று மட்டும் எழுதினால் பதினான்காவது நாள் வெளியே போய் ஒரு இரவு கழித்துத் திரும்பி வந்து கணக்கை மறுபடி தொடங்கலாம். ஆகவே ஒரே நபர் எந்த 6 மாதத்திலும் மொத்தம் 28 இரவுகளுக்கு மேல் தங்க எழுத்தில் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்தேன். பகல் வருகைக்குக் கணக்கே கிடையாது. அவருடைய மனைவி ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கு உடம்புக்கு முடியாம அம்மா வந்து பார்த்துக்கிட்டா அதுவும் 28 தானா?" நியாயமான கேள்வி. நோய், பிரசவம், பராமரிப்புக்காக வருபவர்களுக்குத் தகவல் தெரிவித்தால் போதும், வரம்பு பொருந்தாது என்று ஒரு வரி கூடியது.

நண்பர் கிளம்பிய அன்று சாவியை வாங்கி என்னிடம் தந்தார்கள். அவர் பெயருக்கு வரும் தபாலை மட்டும் இப்போதும் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.