முப்பத்து நான்காவது ‘உள்ளேன் மேடம்’

பெயரைப் படித்து டிக் அடிக்கிற வேலைதானே என்று நினைத்துத்தான் விடுதிப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். தையல் இயந்திரம் இயக்கும் பயிற்சி, மூன்று மாதம், பெண்கள் மட்டும், 34 பேர். மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா திட்டத்தில் நடந்த பேட்ச். பெண்களுக்கு 45 வயது வரை சேரலாம் என்பதால் பத்தொன்பது வயதுப் பிள்ளையும் நாற்பது வயது அக்காவும் ஒரே அறையில் இருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று வருகைப் பதிவு: காலை ஆறரைக்கு விடுதியில், வகுப்பு தொடங்கும்போது பயிற்றுநரிடம், இரவு ஒன்பதுக்கு மறுபடியும் விடுதியில். இது போக காலை ஒன்பதரைக்கு கைரேகை இயந்திரம். முதல் மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை.

நான்காவது வாரத்தின் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வுக்கு ஒருவர் வந்தார். வந்தவர் உட்காரவே இல்லை. வகுப்பறை வாசலில் நின்று எண்ணினார். “33. பதிவேட்டைக் கொண்டு வாங்கம்மா.”

ஞாயிறு இரவுப் பதிவேட்டில் 34. திங்கள் காலையில் 34. வகுப்புப் பதிவேட்டில் 34. இயந்திரத்தில் 31. அவர் மூன்றையும் வரிசையாக மேசைமேல் விரித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

இயந்திரத்தில் விடுபட்ட மூன்று பேரில் இரண்டு பேர் எதிரிலேயே இருந்தார்கள். இருவரும் பல வருடம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள், விரலில் ரேகை தேய்ந்து போயிருந்தது. நாலைந்து தடவை வைத்துப் பார்த்துவிட்டு “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று வகுப்புக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது பெண்ணைக் காணவில்லை.

அவள் சனிக்கிழமை ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தாள். ஞாயிறு மாலை ஆறுக்குள் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு போன் போட்டேன். “அவ நேத்து மத்தியானமே கிளம்பிட்டாளேம்மா” என்றார். அதற்கு அப்புறம் வந்த அரை மணி நேரத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு வழியில் இருந்த அத்தை வீட்டில் தங்கிவிட்டாள், போனில் சார்ஜ் இல்லை. பன்னிரண்டு மணிக்கு பையோடு வந்து நின்றாள்.

சரி, வராதவள் மூன்று பதிவேட்டில் எப்படி வந்தாள்? அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

ஞாயிறு இரவு கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் நான் பெயரைப் படிக்கப் படிக்க இருட்டிலிருந்து குரல் வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய தோழிதான் “உள்ளேன் மேடம்” சொல்லியிருக்கிறாள். கேட்டால், “பஸ் ஏறப் போறேன்னு சாயங்காலம் போன் பண்ணினா மேடம், எப்படியும் வந்துருவான்னு நினைச்சேன்” என்றாள். அவள்மேல் பெரிதாகக் கோபம் வரவில்லை. குரலை வைத்து ஆளைக் குறித்தது நான்தான்.

காலையில் நடந்தது இன்னும் மோசம். குளியலறை வரிசையில் நேரமாகிவிட, பெயர் படிக்காமல் உதவியாளரைத் தலை எண்ணச் சொன்னேன். சரியாக 34. முந்தைய நாள் பயிற்சிப் பெண் ஒருத்தியோடு வந்து, என்னிடம் சொல்லாமல் தங்கிவிட்ட அவளுடைய தங்கச்சியும் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். சமையலறையில் இட்லித் தட்டும் 34 போயிருந்தது, அதனால் அங்கேயும் சந்தேகம் எழவில்லை. ஒன்பதுக்கெல்லாம் தங்கச்சி பஸ் ஏறிப் போய்விட்டாள். பயிற்றுநரோ “யாராவது வரலையா?” என்று கேட்டிருக்கிறார். “எல்லாரும் வந்தாச்சு மேடம்” என்று கோரஸாகப் பதில் வர, மேலிருந்து கீழே டிக் அடித்துவிட்டார்.

எல்லோரும் தப்பாக எழுதிய அன்று சரியாக எழுதியிருந்தவர் வாட்ச்மேன் தாத்தா ஒருவர்தான். கேட் நோட்டில் கோழி கிளறிய மாதிரி எழுத்து. ஆனால் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே சனிக்கிழமை 4.10 வெளியே என்று இருந்தது, ‘உள்ளே’ கட்டம் காலி. தங்கச்சி வந்ததும் ‘விருந்தாளி 1’ என்று இருந்தது. அதை நான் ஒருநாளும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

எழுத்து மூலமாக விளக்கம் கொடுத்தேன். அவளுடைய அந்த இரவுக்கான தங்கல், சாப்பாட்டுச் செலவை எங்கள் கணக்கிலிருந்து கழித்தார்கள். தொகை சின்னதுதான். விளக்கக் கடிதத்தில் “மின்தடை காரணமாக” என்று எழுதும்போது கை கூசியது.

அதிலிருந்து இரவில் நான் பெயர் படித்து யாரையும் பதில் சொல்ல விடுவதில்லை. எட்டே முக்காலுக்கு முதலில் கேட் நோட்டை வாங்கி, வெளியே போய் வராதவர்களின் பெயரைத் தனித்தாளில் எழுதிக்கொள்கிறேன். பிறகு சார்ஜ் விளக்கோடு கட்டில் கட்டிலாகப் போகிறேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் எண் ஒட்டியிருக்கிறது, பதிவேட்டிலும் அதே வரிசை. அவரவர் கட்டிலில் உட்கார்ந்து என் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். காலியான கட்டம் அப்படியே இருக்காது. அனுமதியில் வெளியே என்றால் ‘அ’, ஆஸ்பத்திரி என்றால் ‘ம’, காரணம் தெரியாவிட்டால் சிவப்பு மையில் ‘வ’. சிவப்பு விழுந்தால் பத்து நிமிடத்துக்குள் வீட்டுக்கு போன். கடைசியில் ‘முப்பத்து மூன்று’ என்று எழுத்தில் எழுதிக் கோடு போட்டுவிடுவேன், இலக்கத்தைத் திருத்துவது ரொம்பச் சுலபம். மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகிறது. முன்பு நாலு நிமிடத்தில் முடிந்தது.

காலையில் தலை எண்ணுவதை விடவில்லை, ஆனால் எண்ணியபின் பெயரும் படிக்கிறேன். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் எழுத்து. வகுப்பில் தொடக்கத்தில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என இரண்டு கையெழுத்து. சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்பவர்கள் இப்போதுதான் தெரியவந்தார்கள். பயிற்றுநருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம், பத்து நிமிடம் போகிறதாம்.

இயந்திரத்தில் விழாத அந்த இரண்டு அக்காக்களுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். கட்டைவிரலையே திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே வைத்தால் ஒருவருக்கு விழுந்தது. இன்னொருவருக்கு எந்த விரலின் ரேகை தெளிவாகப் பதிகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தோம். இடது மோதிர விரல். இப்போது அவர் அந்த விரலோடுதான் வரிசைக்கு வருகிறார். மருதாணி போட்ட வாரம் மட்டும் சிலருக்குச் சண்டித்தனம் செய்யும். அப்படி விழாத நாளில், அன்றைக்கே, காரணத்தோடு ஒரு தனிப் பதிவேட்டில் அவர்களும் நானும் கையெழுத்துப் போடுகிறோம். மறுநாள் எழுதினால் ஆய்வுக்காரர் நம்பமாட்டார், நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

போன ஞாயிறு மறுபடி கரண்ட் போனது. விளக்கை எடுத்துக்கொண்டு 17-ஆம் கட்டிலுக்குப் போனேன். அதே தோழி, அதே பெண், இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். “மேடம், இன்னைக்கு நான் என் கையெழுத்தை மட்டும்தான் போடுவேன்” என்றாள் தோழி. பக்கத்துக் கட்டிலெல்லாம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் விளக்கை அவள் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.