வயிற்று வலி: ஒரு கிராம செவிலியரின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். ஐந்தாம் மாதப் பெண் ஒருத்தி வலது தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புரண்டு படுத்தாலோ தும்மினாலோ சுரீரென்று இழுக்கிறதாம், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறதாம். காய்ச்சல், நீர்க்கடுப்பு, ரத்தப்போக்கு எதுவும் இல்லை. கர்ப்பப்பையை இருபக்கமும் தாங்குகிற தசைநார் வளர்ச்சியோடு சேர்ந்து இழுபடும் வலிதான் இது. டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். முழங்காலை மடக்கி, ஒருக்களித்து மெதுவாக எழச் சொல்லி அனுப்பினோம்.

பிப்ரவரி 6, வெள்ளி

வீட்டுப் பார்வை. தலைப்பிரசவக்காரி, 34 வாரம். காலையிலிருந்து மேல் வயிற்றில் வலி.

"வாயுதான் நர்சம்மா, ஓமத்தண்ணி குடுத்திருக்கேன்" என்றார் மாமியார்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் அவள் வலது விலா எலும்புக்குக் கீழே கையை வைத்தாள். நெஞ்செரிச்சல் என்றால் புளித்த ஏப்பம் வரும், படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். இவளுக்கு வாந்தி எடுத்தும் வலி விடவில்லை. தலைவலி உண்டா என்று கேட்டேன். நேற்றிலிருந்தே இருக்கிறதாம், கண்முன் பூச்சி பறக்கிறதாம். மோதிரம் விரலில் இறுகியிருந்தது.

பிரஷர் 160/110. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தும் இறங்கவில்லை. சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தால் புரதம் இரண்டு பிளஸ். உடனே 108-ஐ அழைத்தேன். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனில் சொன்னேன். அங்கே வலிப்பு வராமல் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, பிரசவ அவசர சிகிச்சை தரும் சீமாங்க் மையத்துக்கு அனுப்பினார்கள்.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றினால் கல்லீரல் வீங்கி, அதன் மேலுறை இழுபடும். விலாவுக்குக் கீழே வலிப்பது அதனால்தான். 20 வாரத்துக்கு மேல் அந்த இடத்தில் வலி என்றால் பிரஷர் பார்க்காமல் வாயு என்று முடிவுகட்டக் கூடாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அனுப்பிய பெண்ணுக்கு அறுவைசிகிச்சை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்ததாம். இருவரும் தேறிவருகிறார்கள்.

இன்று கிளினிக்குக்கு வந்த மாமியார்களையும் உட்கார வைத்துப் பேசினேன். கடைசி மாதங்களில் வயிறு அவ்வப்போது இறுகித் தளர்வது பொய்வலி, ஓய்வெடுத்தால் அடங்கும். 37 வாரத்துக்கு முன்பே வலி சீராக விட்டுவிட்டு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். வயிறு தளராமல் பலகை மாதிரி இறுகி, விடாமல் வலித்தால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்திருக்கலாம். ரத்தம் உள்ளேயே தேங்குவதும் உண்டு, வெளியே படவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

"கொழந்ததான் பொறந்தாச்சே, இன்னும் எதுக்கு பிரஷர்?" என்று ஒரு பாட்டி கேட்டார். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம், குறிப்பாக முதல் சில நாட்களில். அந்தப் பெண் வீடு திரும்பியதும் பிரஷர் கருவியோடு போக வேண்டும்.